பாவ்சான் அரிசி, 5 கிலோ: இந்தப் பட்டியலில் என்னென்ன விட்டுப்போயிருக்கிறது?

யாங்கோனில் வீட்டிலிருந்தே அரிசி, பருப்பு, சிறுதானியம் கட்டி விற்கத் தொடங்குகிற நம்மவர்களின் பட்டியல் பெரும்பாலும் பெயர், எடை, விலை என்ற மூன்றோடு நின்றுவிடுகிறது. கடைக்கு நேரில் வருகிறவர் கையில் அள்ளிப் பார்ப்பார், ஒன்றிரண்டைக் கடித்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். அவருக்கு மூன்று விவரம் போதும். ஆனால் தன்லினிலோ பகோவிலோ உட்கார்ந்துகொண்டு போனில் சொல்லி அனுப்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. பார்க்க முடியாத கைக்குப் பதிலாகத்தான் பட்டியலில் ஒரு வரி நிற்கிறது. அது இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: இந்தத் தானியம் பானையில் எப்படி நடந்துகொள்ளும், டப்பாவில் எத்தனை நாள் தாங்கும்.

அதற்கு ரகம், மணியின் அளவு, பாலிஷ், எடை, வைத்திருக்கும் முறை என்று ஐந்து விவரம் தேவை. பாவ்சானையே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்ப்போம். பருப்புக்கு வரும்போது இதே ஐந்தும் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதை அப்புறம் பார்க்கலாம்.

முதலில் ரகம். பர்மாவில் அரிசிக்கு வழங்குகிற பெயர்கள் எல்லாமே ரகத்தின் பெயர்கள் அல்ல. ஏமாத்தா என்பது நீண்டு ஒல்லியாக இருக்கிற அரிசிகளுக்குப் பொதுவாகச் சந்தையில் சொல்கிற பெயர். அதன் கீழே பல ரகங்கள் வரும். மனோதுக்கா என்றால் அது ஒரு ரகம். பாவ்சான் என்றால் ஒரு குடும்பம் மாதிரி. ஷ்வேபோ பக்கம் விளைந்த பாவ்சானும் ஐராவதி டெல்டாவில் விளைந்த பாவ்சானும் ஒரே பெயரில் வந்தாலும் விலையில் வேறு, சாப்பாட்டிலும் வேறு. அதனால் பாவ்சான் என்று மட்டும் எழுதினால் பாதி வேலைதான் முடிகிறது. பக்கத்தில் ஊரையும் எழுத வேண்டும். மொத்தக் கடையில் ஊர் தெரியவில்லை என்றால் ‘டெல்டா’ என்றாவது கேட்டு எழுதுங்கள். அதுவும் தெரியவில்லையா, ஊரை எழுதாமல் விட்டுவிடுங்கள். ஊகித்து ஷ்வேபோ என்று போடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

ரகத்தோடு சேர்த்து இன்னும் இரண்டு சொல் எழுத வேண்டும். ஒன்று, பச்சரிசியா புழுங்கலா என்பது. பர்மியர் வீட்டில் இந்தக் கேள்வியே எழாது, அவர்கள் சாப்பிடுவது பச்சரிசிதான். நம் வீடுகளில் இட்லிக்குப் புழுங்கல் வேண்டும், பொங்கலுக்குப் பச்சை வேண்டும். பட்டியலில் இது இல்லையென்றால் முதல் போன் இதற்காகத்தான் வரும். இன்னொன்று, புதுசா பழசா என்பது. பாவ்சான் மழைக்காலப் பயிர். மழை விட்டு, ஆண்டுக் கடைசியை ஒட்டி அறுவடையாகும். புதிதாக அரைத்து வரும்போது மணம் தூக்கலாக இருக்கும், தண்ணீர் குறைவாக இழுக்கும், சோறு கொஞ்சம் ஒட்டும். ஆறேழு மாதம் கிடந்த அரிசி கூடுதலாகத் தண்ணீர் இழுத்து உதிரியாக வேகும், மணம் மட்டும் மட்டுப்பட்டிருக்கும். இரண்டில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது என்பதே இல்லை. ஆனால் புதுசு என்று தெரியாமல் வழக்கமான தண்ணீர் வைத்தால் சோறு குழைந்துவிடும். பழி உங்கள் அரிசிமேல்தான் விழும்.

அடுத்தது மணியின் அளவு. ‘சன்னம்’, ‘நடுத்தரம்’, ‘மோட்டா’ என்று பலரும் கண்மதிப்பில் எழுதுகிறார்கள். அளந்து எழுதுவது ஒன்றும் கடினமல்ல. உடையாத முழு அரிசியாகப் பத்து மணி பொறுக்குங்கள். நுனியோடு நுனி தொட, ஒரு ஸ்கேலை ஒட்டி வரிசையாக வையுங்கள். மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு மணியின் நீளம் கிடைக்கும். அதே பத்தையும் பக்கவாட்டில் ஒட்டி வைத்தால் அகலம் கிடைக்கும். காற்றாடியை நிறுத்திவிட்டு, கறுப்புத் துணியின் மேல் வைத்துச் செய்தால் வேலை எளிது.

உலகெங்கும் வழங்குகிற ஓர் அளவுகோல் இருக்கிறது. அரைத்த அரிசி 5.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் குட்டை. அதற்கு மேல் 6.6 வரை நடுத்தரம். அதற்கு மேல் 7.5 வரை நீளம். அதையும் தாண்டினால் மிக நீளம். நீளத்தை அகலத்தால் வகுத்து வருகிற எண் வடிவத்தைச் சொல்லும். 3-ஐத் தாண்டினால் சன்னம், 2-க்கு மேல் 3 வரை நடுவாந்தரம், 2 அல்லது அதற்குக் கீழே என்றால் பருமன். பத்துப் பாவ்சான் மணி நீளவாக்கில் 53 மில்லிமீட்டரும் அகலவாக்கில் 28-ம் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி 5.3 மில்லிமீட்டர் நீளம், 2.8 அகலம். வகுத்தால் ஏறத்தாழ 1.9. ஆக, குட்டை, பருமன்.

இந்த இடத்தில்தான் பாவ்சான் புது வியாபாரியைக் குழப்பும். ‘குட்டை, பருமன்’ என்று படித்தவர் அது இட்லி அரிசி மாதிரி என்று நினைத்துவிடுவார். பாவ்சான் வேகும்போது நீளவாக்கில் நீளும், மூன்று மடங்குவரை நீளும் என்று அதற்குப் பெயர். உருண்டையாகப் பானைக்குள் போனது நீண்ட பருக்கையாகத் தட்டுக்கு வரும். 2011-ல் உலகின் சிறந்த அரிசி என்று சர்வதேச அரிசி மாநாட்டில் பரிசு வாங்கியதும் இந்த அரிசிதான். எனவே இதற்கு மட்டும் ‘வெந்தால் நீளும்’ என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

கலப்படம் இருந்தால் காட்டிக்கொடுப்பதும் இதே குணம்தான். விலை குறைந்த உருண்டை அரிசியைப் பாவ்சானோடு கலந்தால் பச்சையாகப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒரு கைப்பிடி எடுத்து அரைமணி நேரம் ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துத் தட்டில் பரப்புங்கள். எல்லாப் பருக்கையும் ஒரே மாதிரி நீண்டிருந்தால் சரி. சில நீண்டும் சில நீளாமல் பக்கவாட்டில் உப்பியும் கிடந்தால் மூட்டையில் இரண்டு அரிசி இருக்கிறது. ஒவ்வொரு புது மூட்டை பிரிக்கும்போதும் இதைச் செய்துவிட்டுப் பட்டியலில் ஏற்றுவது நல்லது. போன மூட்டைக்கு எழுதிய வரி இந்த மூட்டைக்கும் பொருந்தும் என்று உறுதியில்லை.

மணியின் அளவோடு சேர்ந்ததுதான் நொய். ஏற்றுமதியில் 5 சதவீதம், 25 சதவீதம் என்று பேசுவது உடைந்த அரிசியின் பங்கைத்தான். முழு மணியின் முக்கால் நீளத்துக்குக் குறைந்ததை உடைசலாக எடுத்துக்கொள்வது பொது வழக்கம். மூட்டையின் மேல், நடு, அடி மூன்று இடத்திலிருந்தும் எடுத்துக் கலந்து, அதில் 50 கிராம் நிறுத்துங்கள். உடைசலைப் பொறுக்கித் தனியே நிறுத்துங்கள். 4 கிராம் வந்தால் 8 சதவீதம். மேலாக மட்டும் அள்ளிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் மூட்டையைத் தூக்கி இறக்கி ஆடுகிற ஆட்டத்தில் நொய் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நொய் கூடுதலாக இருந்தால் சோறு பிசுபிசுக்கும், கஞ்சிக்கு அது நல்லது. ‘நொய் ஏறக்குறைய 8 சதவீதம்’ என்று எழுதிவிட்டால் வாங்குகிறவரே எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்துகொள்வார்.

மூன்றாவது பாலிஷ். நெல்லிலிருந்து உமியை மட்டும் நீக்கினால் பழுப்பு அரிசி. அதன் மேலே தவிட்டுப் படலமும் ஒரு முனையில் முளையும் இருக்கும். ஆலையில் தீட்டத் தீட்ட அந்தப் படலம் போகும். முழுக்கத் தீட்டும்போது பழுப்பு அரிசியின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தவிடாகப் போய்விடும். பட்டியலில் ‘பாலிஷ் செய்தது’, ‘பாலிஷ் செய்யாதது’ என்று இரண்டே வகையாக எழுதுவது போதாது, நடுவிலும் ஒரு நிலை இருக்கிறது. கண்ணால் பார்த்தே மூன்றாகப் பிரிக்கலாம். மணி முழுவதும் பழுப்பாக, முளை அப்படியே இருந்தால் தீட்டாதது. நீளவாக்கில் ஓடுகிற பள்ளங்களில் பழுப்புக் கோடுகள் மிச்சமிருந்து, சில மணிகளில் முளையும் இருந்தால் அரைத்தீட்டு. கோடும் இல்லை, முளை இருந்த இடத்தில் சின்னக் குழி மட்டும் இருக்கிறது என்றால் முழுத்தீட்டு.

இது வெறும் சத்து விவரம் என்று நினைத்துவிட வேண்டாம், எத்தனை நாள் தாங்கும் என்பதும் இதில்தான் இருக்கிறது. தவிட்டில் எண்ணெய் உண்டு. தீட்டும்போது படலம் சிதைந்ததும் அந்த எண்ணெய் காற்றோடு பட்டுக் கெடத் தொடங்கும், காறல் வாடை வரும். நம் ஊர் வெக்கையில் அது இன்னும் விரைவு. முழுத்தீட்டு அரிசி காய்ந்திருந்தால் ஒரு வருஷம்கூடக் கிடக்கும். அரைத்தீட்டையும் பழுப்பு அரிசியையும் இரண்டு மூன்று மாதத்தில் சமைத்துவிட வேண்டும், அல்லது ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உள்ளங்கையில் கொஞ்சம் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். பழைய எண்ணெய்ச் சட்டி வாடை அடித்தால் அதைக் கட்டி விற்கக் கூடாது.

சிறுதானியத்துக்கும் இதே கதைதான், இன்னும் தீவிரமாக. தினை, சாமை, வரகு எல்லாம் சின்ன மணி. மணி சின்னதாக ஆக, எடைக்குத் தவிட்டின் பங்கு கூடும். ‘தினை’ என்று எழுதினால் உமியோடு இருக்கிற மஞ்சள் தினையா, உமி நீக்கிய தினையரிசியா, அதிலும் தவிட்டோடா தீட்டியதா என்று மூன்று பொருள் வரும். உமியோடு இருப்பது வருஷக்கணக்கில் கிடக்கும், ஆனால் வாங்கியவரால் வீட்டில் சமைக்க முடியாது. தவிட்டோடு இருக்கிற தினையரிசி சத்துள்ளது, ஆனால் சில மாதத்தில் கசக்கும். தீட்டியது வெளிறி இருக்கும், நிறைய நாள் தாங்கும். இந்த மூன்றில் எது என்று சொல்லிவிட்டால் சிறுதானியத்துக்கு மற்றதெல்லாம் பெரிய விஷயமில்லை. கல் பொறுக்கியதா என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், தினை அளவுக்கே இருக்கிற மணலைக் களைந்து எடுப்பது வீட்டில் பெரும்பாடு.

இனி எடை. நம் ஊரில் இது தனித் தலைவலி. அரிசிக்கடையில் பியிக் கணக்கு, பருப்புக் கடையில் வீசைக் கணக்கு, பேக்கெட்டில் கிலோ. வீசை என்பது எடை, 1.633 கிலோ. பியி என்பது எடை அல்ல, முகத்தல் அளவை. ஒரு பியி அரிசி 2 கிலோவுக்குச் சற்று மேலே வரும், ஆனால் நொய் எவ்வளவு, எப்படி அள்ளினார்கள், குவித்தார்களா தலைதட்டினார்களா என்பதைப் பொறுத்து மாறும். அதனால் வாங்குவது எந்தக் கணக்கில் இருந்தாலும் பட்டியலில் கிலோவிலேயே எழுதுங்கள். பழகியவர்களுக்காகப் பக்கத்தில் வீசையையும் போடலாம். பியியைப் போடவே வேண்டாம், அதில்தான் சண்டை வருகிறது.

மூட்டை வாங்கிப் பிரித்துக் கட்டுகிறபோது ஒரு கணக்கு. வழக்கமான அரிசி மூட்டை 30 வீசை, அதாவது 49 கிலோ. 5 கிலோ பேக்கெட்டாகக் கட்டினால் ஒன்பது பேக்கெட் போக 4 கிலோ மிச்சம். பத்தாவதாக அந்த 4 கிலோவையும் 5 கிலோ பையில் போட்டு அனுப்பிவிடத் தோன்றும், செய்யாதீர்கள். அதை 2 கிலோவாக இரண்டு கட்டித் தனி வரியாக ஏற்றுங்கள். உண்மையில் முழு 4 கிலோவும் வராது. சாக்கு எடை, புடைத்ததில் போன தூசி, சிந்தியது எல்லாம் கழியும், ஆகவே கடைசிப் பையில் வந்த எடையையே எழுதுங்கள். கட்டும்போது வெறும் பையைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கிவிட்டு நிறுங்கள். பட்டியலில் இருக்கிற எடை அரிசியின் எடையாகத்தான் இருக்க வேண்டும், பையோடு சேர்த்து அல்ல.

பருப்புக்கு வருவோம். உளுந்தை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பர்மா உளுந்து இங்கே விளைகிற பொருள், இந்தியாவுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் அனுப்ப இரண்டு அரசுகளுக்கும் நடுவே 2021-ல் ஒப்பந்தமே போட்டிருக்கிறார்கள். பாயிண்ட்நாவ்ங் சந்தையில் இதை மட்பே என்பார்கள், கேட்டால் இரண்டு தரம் சொல்வார்கள்: எஃப்.ஏ.க்யூ என்பது சராசரித் தரம், எஸ்.க்யூ என்பது மணி பெருத்த தரம். பருப்பில் ரகத்தைவிட இந்தத் தரம்தான் முதலில் எழுத வேண்டியது.

மணியின் அளவைப் பருப்புக்கு ஸ்கேலில் அளப்பதைவிட நிறுத்துப் பார்ப்பது எளிது. நூறு மணி எண்ணி நிறுங்கள். உளுந்து ஏறக்குறைய 4 முதல் 5 கிராம் வரும். துவரை இரண்டு மடங்குக்கு வரும். ஒரு மூட்டையில் 4, அடுத்ததில் 5 என்றால் கண்ணுக்கு ஒன்று போலத் தெரிந்தாலும் இரண்டாவதில் தோலின் பங்கு குறைவு, பருப்பு கூடுதல்.

பாலிஷ் என்ற இடத்தில் பருப்புக்கு எழுத வேண்டியது தோலின் நிலை. கறுப்பு முழு உளுந்து, தோலோடு உடைத்தது, தோல் நீக்கிய முழுசு, தோல் நீக்கி உடைத்தது என்று ஒரே உளுந்து நான்கு பொருளாகிறது. இட்லிக்குத் தோல் நீக்கிய முழு உளுந்துதான் மாவு நன்றாகப் பொங்கும் என்று நம் வீடுகளில் கேட்பார்கள். தாளிக்க உடைத்தது போதும். துவரம்பருப்பில் இன்னொரு விவரம் சேரும்: எண்ணெய் தடவியதா தடவாததா என்பது. எண்ணெய் தடவியது பூச்சி பிடிக்காமல் கூடுதல் நாள் கிடக்கும், ஆனால் வெந்நீரில் கழுவிச் சமைக்க வேண்டும். ‘எண்ணெய்ப் பருப்பு’ என்று எழுதாமல் அனுப்பினால், ‘என்னக்கா, பருப்பு கையில ஒட்டுது, பழசா?’ என்று கேட்கத்தான் செய்வார்கள்.

வைத்திருக்கும் குறிப்பில் பருப்பும் அரிசியும் நன்றாகப் பிரிந்துவிடும். அரிசிக்குப் பெரிய எதிரி ஈரம். மழைக்காலத்தில் யாங்கோன் காற்றே தண்ணீராக இருக்கும். அரிசியின் ஈரம் 14 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. மீட்டர் இல்லாதவர்களுக்குப் பழைய உப்புச் சோதனை உண்டு. சட்டியில் வறுத்துக் காயவைத்து ஆறிய உப்பு இரண்டு கரண்டி, உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அரிசி, இரண்டையும் போட்டு மூடி ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால்மணி நேரம் விட்டுப் பாருங்கள். உப்பு கண்ணாடியில் அப்பிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேலே. அந்த மூட்டையை உலர்த்தாமல் பிளாஸ்டிக்கில் கட்டினால் உள்ளேயே வேர்த்துப் பூசணம் பிடிக்கும். முழுப் பருப்பை இதே மாதிரி சோதித்தாலும் பலன் தெரியும்.

முழுப் பருப்புக்குப் பெரிய எதிரி வண்டு. அது தோலின் மேல் முட்டையிடும். முழு உளுந்தையோ பச்சைப்பயறையோ வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தோலில் குண்டூசித் தலைக்கும் சின்னதாக வெள்ளைப் புள்ளிகள் ஒட்டியிருந்தால், நகத்தால் சுரண்டினால்தான் வரும் என்றால், அது தூசியல்ல, முட்டை. அதிலிருந்து வருகிற புழு உள்ளே குடைந்து போய், வெக்கையில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வட்டத் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். வெளிப்பக்கம் ஒரு வட்டம் மட்டும் நிறம் மாறித் தெரிந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, இன்னும் வரவில்லை என்று பொருள். நீங்கள் கட்டும்போது சுத்தமாக இருந்த பேக்கெட் வாங்கியவர் வீட்டில் மூன்று வாரம் கழித்து வண்டு கொட்டுவது இதனால்தான். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்த வண்டு அவ்வளவாக வராது. எனவே ‘வண்டு வராது’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே குறிப்பு எழுதாமல் முழுப் பருப்புக்குத் தனியாக எழுத வேண்டும். புள்ளி கண்ட பருப்பை இறுக்கிக் கட்டி ஃபிரீஸரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த பருப்பின் மேல் காற்றின் ஈரம் படியும்.

இத்தனையும் சேர்த்து எழுதினால் எவ்வளவு நீளும் என்று பயப்பட வேண்டாம். நாம் அளந்த பாவ்சானுக்கு வரி இப்படி வரும்:

பாவ்சான் பச்சரிசி, டெல்டா. புதிய அறுவடை, தண்ணீர் குறைத்து வைக்கவும். குட்டை, பருமன், வெந்தால் நீளும், நொய் ஏறக்குறைய 8 சதவீதம். முழுத்தீட்டு. 5 கிலோ, 3 வீசைக்குச் சற்று மேல். பிரித்த பின் மூடியுள்ள டப்பாவில், தரையில் படாமல் வைக்கவும்.

உளுந்துக்கு இப்படி:

கறுப்பு முழு உளுந்து, எஸ்.க்யூ தரம், தோலோடு. நூறு மணி 5 கிராம். 1 கிலோ. ஒரு வாரம் ஃபிரீஸரில் வைத்துக் கட்டியது. வெளியே வைத்தால் வாரம் ஒருமுறை பார்க்கவும், தோலில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மறுபடி ஃபிரீஸரில் வைக்கவும்.

இரண்டு வரியிலும் கட்டிய தேதியைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். முழு உளுந்துக்கு அது மிகவும் தேவை, வண்டுக்கு வேண்டிய அந்த ஒரு மாதத்தை வாங்குகிறவர் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ணப்போகிறார்.